கண்ணாடி வீட்டு முகம்



போன வாரம் என் தங்கை மகள் குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டிருந்தாள். அவளுடைய மூன்று வயது மகன் வீட்டு நாய் மணியின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரிக்கிறான். கீழே "அண்ணன் தம்பி" என்று எழுதியிருந்தாள். நாற்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள். நான் மட்டும், "படம் அழகா இருக்கும்மா. ஆனா பிள்ளையோட கையை எடுத்துவிடு. மணி முகத்தைப் பார், அதுக்கு இது பிடிக்கலை" என்று எழுதினேன்.

"ஃபோட்டோவப் பார்த்தே நாய்க்கு ஜோசியம் சொல்றீங்களா பெரியம்மா?" என்று பதில் வந்தது. கோபமில்லை, கேலிதான். ஆனால் கேள்வி நியாயமானது. ஒரு நொடிப் படத்தை வைத்துக்கொண்டு, பேசத் தெரியாத ஒரு பிராணியின் மனதைப் பற்றி எவ்வளவு சொல்லலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்? இந்தக் கேள்விக்கு 150 வருடச் சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு மணியிடம் வருகிறேன். பொறுமையாகப் படியுங்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

1872-ல் லண்டனில் சார்லஸ் டார்வின் ஒரு புத்தகம் வெளியிட்டார். மனிதர்களிடமும் விலங்குகளிடமும் உணர்ச்சிகள் எப்படி வெளிப்படுகின்றன என்பதுதான் அதன் தலைப்பும் பொருளும். பரிணாமம் என்றால் குரங்கிலிருந்து மனிதன் என்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். அந்த மனிதர் வீட்டு நாயின் காதையும் பூனையின் வாலையும் பல வருடம் உட்கார்ந்து கவனித்தவர் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. நானும் வகுப்பில் சொன்னதில்லை, எனக்கே அப்போது தெரியாது. ஓய்வுக்குப் பிறகுதான் இணையத்தில் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். இலவசமாகவே கிடைக்கிறது, படங்களையாவது பாருங்கள்.

ஃபோட்டோவை அச்சிட்டு வெளிவந்த முதல் அறிவியல் நூல்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதில் ஃபோட்டோவாக இருப்பவை எல்லாம் மனித முகங்கள். நாயும் பூனையும் மரத்தில் செதுக்கி அச்சிட்ட சித்திரங்களாகவே இருக்கின்றன. அந்தக் காலத்துக் கேமராவுக்கு முன்னால் சில நொடிகளாவது அசையாமல் இருக்க வேண்டும். மனிதனிடம் "ஆடாமல் நில்" என்று சொல்லலாம், உறுமுகிற நாயிடம் யார் சொல்வது? அதனால் பிரிட்டன் ரிவியேர் போன்ற, விலங்குகளை வரைவதில் பெயர் பெற்ற ஓவியர்களை டார்வின் பிடித்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சித்திரத்துக்கும் ஃபோட்டோவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஓவியர் பல நிமிடம் பார்த்து, எது அந்தக் குணத்தின் உச்சமோ அதைத் தேர்ந்தெடுத்து வரைகிறார். நம் கைப்பேசி அப்படித் தேர்ந்தெடுப்பதில்லை. கண் சிமிட்டும்போது பாதி, கொட்டாவியில் பாதி என்று எது அகப்பட்டதோ அதை எடுக்கிறது. டார்வின் புத்தகத்துச் சித்திரங்களை மனதில் வைத்துக்கொண்டு நம் ஃபோட்டோக்களைப் பார்த்தால் முதல் தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது.

அந்த நாய்ச் சித்திரங்களில் இரண்டு பக்கத்துப் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டியவை. ஒன்றில் ஒரு நாய் இன்னொரு நாயை நோக்கிப் பகையோடு வருகிறது. உடம்பு விறைப்பு, தலை சற்று நிமிர்வு, வால் கொடிக்கம்பம்போல நேராக நிற்கிறது, பிடரி முடி சிலிர்த்திருக்கிறது, காது முன்னால் குத்தி நிற்கிறது, கண் ஒரே இடத்தில் நிலைத்திருக்கிறது. இன்னொன்றில் நாய் தன் எஜமானை அடையாளம் கண்டுகொண்ட நிலை. உடம்பு தாழ்ந்து வளைகிறது, வால் தொங்கி ஆடுகிறது, முடி படிந்துவிட்டது, காது பின்னால் சாய்ந்திருக்கிறது. ஒவ்வொரு உறுப்பும் முதல் படத்துக்கு நேர் எதிர். பகைக்கு ஒரு கோலம் இருந்தால் பாசத்துக்கு அதன் மறுகோடியில் இன்னொரு கோலம் என்பதை டார்வின் ஒரு விதியாகவே எழுதினார்.

இதோடு நின்றிருந்தால் சுலபம். காது முன்னால் இருந்தால் கோபம், பின்னால் போனால் அன்பு என்று இரண்டு வரியில் முடித்திருக்கலாம். டார்வின் நேர்மையான மனிதர், அடுத்த அத்தியாயங்களில் தானே அதைச் சிக்கலாக்குகிறார். அதே நாய் உறுமிக்கொண்டு எதிரி மேல் பாயப்போகும்போது காதைப் பின்னால் தலையோடு ஒட்ட வைத்துக்கொள்ளும் என்கிறார். பல்லால் சண்டை போடுகிற விலங்குகளுக்கு எதிரியின் வாயில் முதலில் சிக்குவது காது, அதைக் காப்பாற்றிக்கொள்ள மடக்குகின்றன என்பது அவர் சொன்ன காரணம். நாய், பூனை, புலி எல்லாம் இந்தக் கூட்டம். கொம்பால் முட்டுகிற மாடு கோபப்படும்போது காதை அப்படி ஒட்ட மடக்குவதில்லை என்றும் கவனித்து எழுதியிருக்கிறார்.

ஆக, பின்னால் போன காது அன்பாகவும் இருக்கலாம், பாய்ச்சலாகவும் இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். காதை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கூடவே வாயைப் பார்க்க வேண்டும், தளர்ந்து திறந்திருக்கிறதா, இறுகி மூடியிருக்கிறதா என்று. கண்ணைப் பார்க்க வேண்டும். உடம்பின் பாரம் முன்காலில் இருக்கிறதா, பின்காலுக்குப் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். "பின்னால் சாய்ந்த காது" என்ற ஒரே சொல்லுக்கு வாக்கியத்தைப் பொறுத்து மூன்று அர்த்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். டார்வினிடம் பாப் என்ற பெரிய கறுப்பு வெள்ளை நாய் இருந்தது. அவரோடு உலாவப் போவதென்றால் அதற்கு உயிர். தலையைத் தூக்கிக்கொண்டு, காலை உயர எடுத்து வைத்து முன்னால் நடக்கும். வழியில் வலப்பக்கம் ஒரு கிளைப்பாதை, செடிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிற கண்ணாடி வீட்டுக்குப் போவது. டார்வின் அந்தப் பக்கம் உடம்பைக் கொஞ்சம் திருப்பினாலே போதும், உலாவல் நின்றுவிடுமோ என்று நாய்க்குத் தெரியாது, உடனே எல்லாம் விழுந்துவிடும். தலை தொங்கும், காதும் வாலும் சட்டென்று இறங்கும், உடம்பு கொஞ்சம் தாழ்ந்து அப்படியே நின்றுவிடும். வீட்டில் எல்லோரும் அதற்கு "கண்ணாடி வீட்டு முகம்" என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

இப்போது அந்த நொடியில் யாராவது ஒரு ஃபோட்டோ எடுத்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். தலை தொங்கிய, காது இறங்கிய, அசையாத நாய். நாம் என்ன சொல்வோம்? உடம்பு சரியில்லை என்போம், அடித்திருக்கிறார்கள் என்போம், பட்டினி என்போம். அந்த வீட்டார் மட்டும் சிரித்திருப்பார்கள். ஏனென்றால் பாதை எங்கே பிரிகிறது என்று அவர்களுக்குத் தெரியும். மேலும், டார்வின் இதைச் சோதித்தும் பார்த்தார். சில தடவை வேண்டுமென்றே உடம்பைத் திருப்பிப் பார்த்தேன் என்று எழுதுகிறார். முகம் மாறியதற்குக் காரணம் கிளைப்பாதைதான் என்று அவர் அடித்துச் சொல்ல முடிந்தது அதனால்தான். ஃபோட்டோவில் நாம் யாரையும் திருப்பிப் பார்க்க முடியாது.

அடுத்த பெரிய அடி 1950-களில். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கான்ராட் லோரென்ஸ் (பின்னால் 1973-ல் நோபல் பரிசு பெற்றவர்) நாய் முகங்களை வரிசையாக அடுக்காமல் சதுரமாக அடுக்கினார். நம் வாய்ப்பாட்டு அட்டவணை மாதிரி. மேல் இடது மூலையில் அமைதியான முகம். வலப்பக்கம் போகப் போகத் தாக்கும் எண்ணம் கூடுகிறது. கீழே போகப் போகப் பயம் கூடுகிறது. வலது கீழ் மூலையில் இரண்டும் சேர்ந்த முகம். காது மடங்கியிருக்கும், பல்லும் தெரியும். டார்வினின் இரண்டு கோடிகளுக்கு நடுவே கலப்பு நிலைகள் இருப்பதை இந்த ஒரு படம் காட்டிவிட்டது. தெருவில் நம்மைக் கடிக்கிற நாய் பல நேரம் "கோபக்கார நாய்" அல்ல, ஓட வழியில்லாமல் பயந்த நாய் என்பது எனக்கு இந்தச் சதுரத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அவரோடு பழகிய பால் லேஹவுசன் என்ற ஜெர்மானியர் இதே முறையைப் பூனைக்குச் செய்தார். பூனையின் காது நாயின் காதைவிட நன்றாகப் பேசும். தாக்க நினைக்கிற பூனை காதைத் தூக்கியே வைத்திருக்கும், ஆனால் முறுக்கித் திருப்பும். நேரே எதிரில் நிற்கிற நமக்குக் காதின் பின்பக்கம் தெரியும். பயந்து தற்காத்துக்கொள்கிற பூனை காதைப் பக்கவாட்டில் தாழ்த்தித் தலையோடு தட்டையாக ஒட்டிவிடும். முதுகை வளைத்து முடியைச் சிலிர்த்து நிற்கும் பூனை பார்க்க வீரமாக இருக்கும். டார்வினின் புத்தகத்திலேயே அந்தச் சித்திரத்துக்குக் கீழே, நாயைக் கண்டு மிரண்ட பூனை என்றுதான் போட்டிருக்கிறது. சண்டைக்குத் தயாரான பூனையின் படம் வேறு. அது பதுங்கி, உடம்பை நீட்டி, முடி சிலிர்க்காமல் இருக்கிறது.

கண்ணைப் பற்றிச் சொல்லும்போது என் சொந்தத் தோல்வி ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பயந்த பூனைக்குக் கண்மணி அகன்று கறுப்பாகும், இது உண்மை. இதைப் படித்த புதிதில், பழைய மாணவன் ஒருவன் அனுப்பிய பூனைப் படத்தைப் பார்த்து, "உன் பூனை எதையோ கண்டு நடுங்குது, கட்டிலுக்கு அடியில என்ன இருக்குன்னு பாரு" என்று அறிவுரை எழுதினேன். அவன் பதில்: "டீச்சர், கரண்ட் போயிருந்துச்சு. டார்ச்சோட கயிறு காட்டி விளையாடிட்டிருந்தோம்." இருட்டில் எந்தப் பூனைக்கும் கண்மணி அகலும். விளையாட்டு வேகத்திலும் அகலும். படத்தில் காது முன்னால் குவிந்திருந்தது, முன்கால் கயிற்றை நோக்கி நீண்டிருந்தது. இரண்டையும் நான் பார்க்கவே இல்லை. கண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கதை கட்டிவிட்டேன். அவன் வகுப்பில் கேள்வியை முழுதாகப் படிக்காமல் விடை எழுதுவான் என்று நான்தான் அவனைத் திட்டியிருக்கிறேன்.

முகத்தின் அமைப்பே நம்மை ஏமாற்றுவதும் உண்டு. 2012-ல் உலகம் முழுக்கப் பரவிய "கிரம்பி கேட்" பூனையை இளையவர்களுக்குத் தெரிந்திருக்கும். வாய் இரண்டு பக்கமும் தொங்கி, எப்போதும் உம்மென்றிருக்கும். அது எலும்பு வளர்ச்சிக் குறையாலும் தாடை அமைப்பாலும் பிறவியிலேயே வந்த முகம். மற்றபடி அது சாதுவான பூனை என்றுதான் வளர்த்தவர்கள் சொன்னார்கள். நம் ராஜபாளையம் நாய்க்குக் காது தொங்கலாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துச் "சோகம்" என்று சொல்லிவிடக் கூடாது. தொங்கும் காதில் நுனியை விட்டுவிட்டு, காது தலையோடு சேரும் அடிப்பகுதி முன்னால் வருகிறதா, பின்னால் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நாய் சும்மா இருக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் அதுகூடப் பிடிபடும்.

ஃபோட்டோவை நம்பவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கனடாவில் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர்கள் 2019-ல் பூனையின் வலியை முகத்தை வைத்து மதிப்பிடும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். காதின் நிலை, கண் எவ்வளவு சுருங்கியிருக்கிறது, மூக்கு வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசை, தலை தோளுக்கு மேலா கீழா என்று ஐந்து விஷயம். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண், மொத்தம் 10. நாலும் அதற்கு மேலும் வந்தால் வலிக்கு மருந்து தேவையா என்று மருத்துவர் யோசிக்க வேண்டும். இது ஏன் ஓரளவு நிற்கிறது? கேள்வி குறுகலானது, வலி இருக்கிறதா என்பது மட்டும். ஓர் உறுப்பை நம்பாமல் ஐந்தையும் கூட்டுகிறார்கள். தூங்குகிற, சாப்பிடுகிற, நக்கிக்கொள்கிற, கத்துகிற நேரத்தில் மதிப்பெண் போடுவதில்லை. "பூனை என்ன நினைக்கிறது" என்று அவர்கள் கேட்கவே இல்லை.

அந்தப் பெரிய கேள்வியைக் கேட்கும்போதுதான் சறுக்குகிறோம். செருப்பைக் கடித்த நாய் தலையைத் தாழ்த்தி, காதைப் பின்னால் இழுத்து, பார்வையைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படங்களை நீங்கள் எல்லோரும் அனுப்பியிருக்கிறீர்கள். "தப்பு பண்ணிட்டு முழிக்கிறான்" என்று எழுதியும் இருக்கிறீர்கள். நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்து 2009-ல் வெளியிட்டார். 14 நாய்கள். வளர்ப்பவர் தின்பண்டத்தைக் காட்டி "தொடாதே" என்று சொல்லிவிட்டு வெளியே போவார். உள்ளே சில தடவை நாய் தின்றது, சில தடவை தின்னவில்லை. திரும்பி வருகிறவரிடம் நடந்ததை எப்போதும் உள்ளபடி சொல்லவில்லை. அதனால் தின்னாத நாய்க்கும் திட்டு விழுந்தது, தின்ற நாய்க்குக் கொஞ்சலும் கிடைத்தது.

முடிவு என்ன தெரியுமா? அந்தக் "குற்ற முகம்" தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. திட்டினார்களா என்பதைப் பொறுத்தே வந்தது. தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. படத்தில் காதும் கண்ணும் சரியாகத்தான் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அந்த முகத்துக்குக் காரணம் செருப்பு அல்ல, கேமராவுக்குப் பின்னால் நின்று திட்டுகிற ஆள். அவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார்.

இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. முப்பத்தைந்து வருடம் தலைகுனிந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்து, "முழியே சொல்லுதே நீதான் செஞ்சேன்னு" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! உங்களில் யாராவது அப்படிச் செய்யாத தப்புக்கு நின்றிருந்தால், இப்போதாவது வந்து சொல்லுங்கள்.

இப்போது மணி. அந்தப் படத்தில் எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். மணி சாதாரண நாட்டு நாய், வழக்கமாகக் காது குத்தி நிற்கும் என்று பழைய படங்களிலிருந்து எனக்குத் தெரியும். இந்தப் படத்தில் காது பின்னால் ஒட்டியிருந்தது. வாய் இறுக மூடியிருந்தது. தலை பிள்ளையின் முகத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது, ஆனால் கண் பிள்ளை பக்கமே இருந்தது. அதனால் விழியின் வெள்ளை பிறைபோல ஓரத்தில் தெரிந்தது. உடம்பின் பாரம் பின்காலில். வால் படத்துக்கு வெளியே போய்விட்டது. காது மட்டும் என்றால் பாசம் என்று விட்டிருப்பேன், விழியின் வெள்ளை மட்டும் என்றால் ஏதோ சத்தத்துக்குத் திரும்பியது என்று விட்டிருப்பேன். நாலும் ஒரே பக்கம் காட்டியதால்தான் எழுதினேன்.

எனக்குத் தெரியாததும் இருந்தது. மணிக்குப் பிள்ளையையே பிடிக்கவில்லையா, அந்தப் பிடி மட்டும் பிடிக்கவில்லையா, கழுத்தில் புண்ணா, எதிரில் நின்ற யாரையாவது கண்டு பயமா? "பிடிக்கலை" என்று நான் எழுதியது ஒரு வார்த்தை கூடுதல். "அந்த இடத்தைவிட்டுப் போகப் பார்க்குது" என்று எழுதியிருக்க வேண்டும். படம் அவ்வளவுதான் சொல்லியது.

நான் கேட்டதும் தங்கை மகள் அதே நேரத்தில் எடுத்த வீடியோவை அனுப்பினாள். மொத்தம் பதினோரு விநாடி. முதலில் மணி உட்கார்ந்திருக்கிறது, பிள்ளை ஓடி வருகிறான், மணியின் வால் ஆடுகிறது. கையைக் கழுத்தில் போட்டதும் வால் நிற்கிறது. நாக்கு ஒருமுறை மூக்கை நக்குகிறது, பக்கத்தில் சாப்பாடு எதுவும் இல்லை. தலை திரும்புகிறது. பிறகு ஒரு விநாடி அசைவே இல்லை. படம் எடுத்தது அந்த நொடியில்தான், பிள்ளை சிரித்ததும் அப்போதுதான். அவன் கையை விட்டதும் மணி எழுந்து, நனைந்த நாய்போல உடம்பை உதறிவிட்டு, நாலு அடி தள்ளிப்போய் உட்கார்ந்து, அவனைப் பார்த்து மறுபடி வாலை ஆட்டுகிறது. பிள்ளை மேல் வெறுப்பு இல்லை. பிரச்சினை அந்தப் பிடியில்தான்.

அசையாமல் இருந்த அந்த ஒரு விநாடிதான் எனக்குக் கவலை. உறுமல் அதற்கு அடுத்த படி, கடி அதற்கும் அடுத்தது. சில நாய் உறுமாமலே அடுத்ததற்குப் போகும். குழந்தையின் முகம் மணியின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

இப்போது அவர்கள் வீட்டில், பிள்ளை தரையில் உட்கார்ந்து மணியைக் கூப்பிட வேண்டும், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும், மணி வந்தால் மார்பிலோ தோளிலோ தடவலாம், மூன்று எண்ணியதும் கையை எடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. எடுத்த பிறகும் மணி நெருங்கி வந்தால் மறுபடி தடவலாம், நகர்ந்தால் விட்டுவிட வேண்டும். டார்வின் பாதையில் உடம்பைத் திருப்பிப் பார்த்தது மாதிரி இதுவும் ஒரு சோதனைதான். நேற்று தங்கை மகள் எழுதியிருந்தாள்: "பெரியம்மா, அஞ்சு தடவை கூப்பிட்டான், மூணு தடவை வந்துச்சு. ரெண்டு தடவை வரலை. அவனுக்கு அழுகை." கூடவே ஒரு படமும் வந்தது. மணி அவன் காலடியில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது, வாய் தளர்ந்து நாக்கு வெளியே தெரிகிறது. அது நிம்மதியா, அன்றைய வெயிலா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.